ஊட்டிக்கு ஸ்பானிஷில் ஒரு புரோஷர்: மொழிபெயர்ப்பதா, புதிதாக எழுதவைப்பதா?

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்கா போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, ஸ்பெயின்காரங்க ரெண்டு மூணு குடும்பம் வந்துட்டுப் போனாங்க. ஊருக்குப் போய்க் கொடுக்கறதுக்கு அவங்க பாஷையிலேயே புரோஷர் இருக்கான்னு கேட்டாங்க. நம்ம இங்கிலீஷ் புரோஷரை அப்படியே மாத்திக் கொடுத்துடேன்." கொஞ்ச நாள் கழித்து ஊட்டியில் டாக்சி நடத்தும் நண்பரும், அப்புறம் ஒரு ரிசார்ட் மேலாளரும் இதையே கேட்டார்கள். மூவரிடமும் இருந்தது ஏறக்குறைய ஒரே புரோஷர்தான்: ஏ4 தாளை மூன்றாக மடித்தது, ஆறு பக்கம், சுமார் 400 ஆங்கிலச் சொற்கள், முகப்பில் 'மலைகளின் ராணி'.

இவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் படித்த உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தை வரிக்கு வரி மாற்றுவது முதல் வழி. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் அதே ஆங்கிலத்தைக் கொடுப்பது இரண்டாவது. ஆங்கில புரோஷரை மூடி வைத்துவிட்டு, ஊரைப் பற்றிய குறிப்புகளை மட்டும் கொடுத்து ஒரு ஸ்பானிஷ் எழுத்தாளரைப் புதிதாக எழுதச் சொல்வது மூன்றாவது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். முதலாவது, படிப்பவருக்கு வரத் தோன்றுகிறதா. புரோஷரின் வேலையே அதுதான். இலக்கணம் சரியாக இருப்பது மட்டும் போதாது. இரண்டாவது, தகவல் தப்பாமல் போய்ச் சேர்கிறதா. மூன்றாவது, எந்த நாட்டு ஸ்பானிஷ். ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா என்று மொழி ஒன்றாக இருந்தாலும் காதில் விழுவது வேறு. நான்காவது செலவு. அச்சுக்குப் போன பிறகு முளைக்கும் செலவையும் இதில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதைப் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் இதைத் தீர்மானித்தே ஆக வேண்டும். ஸ்பெயினில் பலரைச் சேர்த்து 'நீங்கள்லாம்' என்று நெருக்கமாகச் சொல்ல வொசோத்ரோஸ் என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை, உஸ்தேதெஸ் மட்டும்தான். ஒருவரை நீ என்று அழைக்க ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் து. அர்ஜென்டினாவில் வோஸ், அதற்கு வினைச்சொல் வடிவமே மாறும். 'ரயில் பிடிக்கலாம்' என்பதற்கு ஸ்பெயின்காரர் சாதாரணமாகப் போடும் கொஹேர் என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் சபையில் சொல்லக் கூடாத கெட்ட வார்த்தை. தொமார் என்று போட்டால் எங்கேயும் பிரச்சினை இல்லை. யார் வருவார்கள் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இப்படிப் பொதுவான சொற்களில் எழுதித் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வருகிறவர்கள் எல்லாம் ஸ்பெயின்காரர்கள்தான் என்று தெரிந்தால் து போட்டு நெருக்கமாகப் பேசலாம். அங்கே சுற்றுலாத் துறை எழுத்து பெரும்பாலும் அப்படித்தான்.

## வழி ஒன்று: உள்ளூரில் வரிக்கு வரி மாற்றுவது

செலவு குறைவு, நாலு நாளில் கைக்கு வந்துவிடும். ஸ்பானிஷ் இரண்டு மூன்று வருடம் படித்தவர் பிழை இல்லாமல் எழுதவும் முடியும். சிக்கல் இலக்கணத்தில் இல்லை, புரோஷரின் முதல் சொல்லிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'ஹில் ஸ்டேஷனை' அகராதி பார்த்து மாற்றினால் எஸ்தசியோன் தே மொந்தான்யா என்று வரும். தப்பு என்று சொல்ல முடியாது, அந்தச் சொல் வழக்கில் இருக்கிறது. ஆனால் எஸ்தசியோன் என்றால் ரயில் நிலையம், பருவம் என்றெல்லாம் பொருள் உண்டு. மலையோடு சேர்த்துச் சொன்னதும் ஸ்பெயின்காரர் மனதில் முதலில் வருவது பனிச்சறுக்கு மையம். பிரனீஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடும் இடங்களை அவர்கள் எஸ்தசியோன் என்றுதான் சொல்கிறார்கள். 'தென்னிந்தியாவில் பனிச்சறுக்கா?' என்று புருவத்தைத் தூக்கியபடிதான் அடுத்த வரிக்குப் போவார்.

வேடிக்கை என்னவென்றால், தமிழிலிருந்து நேரே போயிருந்தால் வழி கிடைத்திருக்கும். நாம் கோடைவாசஸ்தலம் என்கிறோம். கோடையைக் கழிக்க வேறு ஊருக்குப் போய்த் தங்குவதற்கு ஸ்பானிஷில் வெரானெயோ என்றே ஒரு சொல் இருக்கிறது. சென்னை மாகாண அரசாங்கம் வெயில் காலத்தில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்த கதையை ஒரு வரி சொல்லி, 'பிரிட்டிஷ்காரர்களின் வெரானெயோ ஊர்' என்று எழுதினால் படிப்பவருக்குச் சட்டென்று படம் விழும். நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டதால் இந்தச் சொல் கைநழுவிப் போகிறது.

இந்த வழியில் வரும் சறுக்கல்கள் எல்லாம் இதே ரகம். ஊட்டி ஏரியின் 'போட் ஹவுஸ்' காசா ஃப்லொதான்தே ஆகிவிடும். அதைப் படித்தவர் கேரளத்துக் கட்டுவள்ளம் மாதிரி தண்ணீரில் மிதக்கும் வீட்டை எதிர்பார்த்து வருவார். எம்பர்காதேரோ, அதாவது படகுத்துறை என்று போட வேண்டும். 'டாய் டிரெயின்' த்ரென் தே ஹுகேதே ஆகும், குழந்தை விளையாடும் பொம்மை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறும், யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ரயிலுக்கு இது அநியாயம். இதற்கும் அவர்களிடம் சொந்தச் சொல் உண்டு: பல்சக்கரத்தில் ஏறும் ரயிலுக்கு த்ரென் தே கிரெமாயேரா என்பார்கள். பார்சிலோனா பக்கத்தில் மொன்செராட் மலைக்கு அப்படி ஒன்று ஓடுகிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே ஸ்பெயின்காரருக்கு ரயில் எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஹோம்மேட் சாக்லேட். ஒரு விடுதியின் பழைய ஸ்பானிஷ் தாளில் 'பிரிசர்வேடிவ் சேர்க்காதது' என்பதை 'சின் பிரெசெர்வதீவோஸ்' என்று போட்டிருந்ததை நானே பார்த்தேன். ஸ்பானிஷில் அதற்கு ஆணுறை இல்லாதது என்று பொருள். கொன்செர்வான்தெஸ் என்று இருந்திருக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் படித்த விருந்தினர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம், சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டார்களாம்.

அப்படியானால் இந்த வழி எதற்குமே ஆகாதா? ஆகும். அறையில் வைக்கும் தாள், வெந்நீர் வரும் நேரம், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்ற அறிவிப்பு, காலை உணவுப் பட்டியல் ஆகியவற்றுக்கு இது போதும். ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டவரை அழைக்க வேண்டியதில்லை, புரிந்தால் சரி.

## வழி இரண்டு: தாய்மொழிக்காரர் மொழிபெயர்ப்பது

மேலே சொன்ன பள்ளங்களில் பெரும்பாலானவற்றில் இவர் விழ மாட்டார். கூலியைப் பொதுவாக ஆங்கிலச் சொல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவார்கள். சொல்லுக்கு 8 யூரோ சென்ட் என்று வைத்துக்கொண்டால் 400 சொல்லுக்கு 32 யூரோ வரும். ஆனால் இவ்வளவு சின்ன வேலைக்குப் பலர் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று வைத்திருப்பார்கள், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல மொழிபெயர்ப்பாளராலும் தாண்ட முடியாத இடம் ஒன்று இருக்கிறது: ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் தர முடியும். அந்த ஆங்கிலமோ வெயிலில் வாடும் சென்னைக்காரரையும் பெங்களூர்க்காரரையும் மனதில் வைத்து எழுதியது. 'கோடையில் வாருங்கள்' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெரானோ என்று மிகச் சரியாக மொழிபெயர்த்துவிடுவார். ஸ்பெயினில் வெரானோ ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை; நாடே ஆகஸ்டில்தான் விடுமுறைக்குக் கிளம்பும். நீலகிரியில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நிலச்சரிவில் சாலைகள் அடைபட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அர்ஜென்டினாக்காரருக்கோ வெரானோ என்பது டிசம்பர் முதல் மார்ச் வரை. கொலம்பியாவில் இன்னும் விசேஷம், அங்கே பேச்சு வழக்கில் வெரானோ என்றால் மழை இல்லாத மாதங்கள், அவ்வளவுதான். ஒரே சொல்லைப் படித்து மூன்று நாட்டுக்காரர்கள் மூன்று மாதத்தில் டிக்கெட் போடுவார்கள். நாம் சொல்ல நினைத்த ஏப்ரல், மே இந்த மூன்றிலுமே இல்லை. இதில் மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. பருவப் பெயரை எடுத்துவிட்டு மாதப் பெயரைப் போட்டுக் கொடுப்பது நம் வேலை.

உயரமும் அப்படித்தான். '2240 மீட்டர் உயரத்தில்' என்ற வரி நமக்குச் சிலிர்ப்பு தரும். மெக்சிகோ நகரம் இருப்பதும் ஏறக்குறைய அதே 2240 மீட்டரில்தான். தொட்டபெட்டா 2637 மீட்டர் என்று பெருமையாகச் சொன்னால் பொகோட்டாக்காரர் 'எங்கள் வீட்டு வாசல் உயரம்' என்று நினைத்துக்கொள்வார். மாட்ரிட்காரருக்கு எடுபடும் வரி மெக்சிகோக்காரரிடம் எடுபடாது. 'என்றும் வசந்தம்' கதையும் இதுதான். எதெர்னா பிரிமவேரா என்று கொலம்பியாவின் மெடயீனும் மெக்சிகோவின் குவெர்னவாகாவும் ஏற்கெனவே தங்களைச் சொல்லிக்கொள்கின்றன. ஸ்பானிஷ் பேசுபவருக்கு அது தேய்ந்த நாணயம்.

இந்த வழியின் மறைந்த செலவு பக்க வடிவமைப்பில் வரும். ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ் வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்கு நீளும். 400 சொல்லுக்கென்று அளந்து வடிவமைத்த ஆறு பக்கத்தில் அது அடங்காது. வடிவமைப்பவர் எழுத்தைச் சிறிதாக்குவார், இல்லையென்றால் தனக்கு மொழி தெரியாத வரியை எங்கேயாவது வெட்டுவார். வாக்கியத் தொடக்கத்தில் தலைகீழாக நிற்கும் ஆச்சரியக்குறியைப் பிழை என்று நினைத்து அழித்துவிட்டவரையும் எனக்குத் தெரியும்.

இந்த வழி பொருந்துவது தகவல் கனமாக இருக்கும் புரோஷருக்கு. டாக்சி நண்பருடையது அப்படித்தான்: எந்த இடம் எவ்வளவு தூரம், அரை நாள் சுற்றில் என்னென்ன, கோவை விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது, இ-பாஸ் எடுப்பது எப்படி. இதில் கவித்துவத்துக்கு இடம் இல்லை, தேவையும் இல்லை. அவரிடம் வழி இரண்டையே சொன்னேன்.

## வழி மூன்று: குறிப்பு கொடுத்துப் புதிதாக எழுதவைப்பது

இங்கே நாம் கொடுப்பது ஆங்கிலப் பிரதியை அல்ல, இரண்டு பக்கக் குறிப்பை. குன்னூர் அக்காவுக்காக அதைத் தயாரித்த விதத்தைச் சொல்கிறேன், அதிலேயே இந்த வழியின் பலமும் தொல்லையும் தெரியும்.

அவருடைய ஆங்கில முகப்பில் இருந்த வரியின் சாரம் இது: 'பசுமை போர்த்திய மலைகளின் ராணியின் மடியில், இயற்கையின் எழிலில் உங்களை மறந்திடுங்கள்.' அதை ஒதுக்கிவிட்டு, "அக்கா, உங்க வீட்டுக்கு வர்றவங்க முதல்ல என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு மூன்று விஷயம் சொன்னார். காரை விட்டு இறங்கியதும் யூகலிப்டஸ் வாசம் வருகிறது என்பார்கள். ராத்திரி இரண்டு கம்பளி கேட்பார்கள், இந்தியாவில் குளிரும் என்று யாரும் சொல்லவில்லையே என்பார்கள். காலையில் தேயிலைச் சரிவில் மூடுபனி மேலே ஏறி வந்து வேலியைத் தொடும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இந்த மூன்றையும் அப்படியே குறிப்பில் எழுதினேன். திரும்பி வந்த முதல் வரி: 'வேலெ ஆ எவுகலிப்தோ.' யூகலிப்டஸ் வாசம் வீசுகிறது, அவ்வளவுதான். அடுத்த வரி, 'ஸ்வெட்டர் எடுத்துக்கொள், ஆமாம், இந்தியாவுக்குத்தான்.' ராணியும் இல்லை, மடியும் இல்லை. ஆனால் மாட்ரிட்டில் இருப்பவர் மனதில் 'இந்தியா என்றால் வெக்கை' என்ற எண்ணம் இருப்பது தெரிந்து, நேரே அதில் போய்த் தட்டுகிறது. அந்த எண்ணம் அவர்களிடம் இருக்கிறது என்பது நம் ஆங்கில புரோஷருக்குத் தெரியவே தெரியாது.

பெயர்களிலும் இந்த முறையில்தான் கவனம் கிடைத்தது. ஊட்டி என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஸ்பானிஷ்காரர் 'ஓ-ஓ-தி' என்று படிப்பார். அதனால் அடைப்புக்குறிக்குள் உச்சரிப்பைச் சேர்த்தார் எழுத்தாளர். தோடர் மக்களைப் பற்றிய பத்தியில் இன்னும் நுட்பமான சிக்கல். ஆங்கில எழுத்தில் அவர்கள் பெயர் வருகிற மாதிரியே, ஸ்பானிஷில் 'முழுவதும்' என்ற பெண்பால் சொல்லும் இருக்கிறது. 'தோடர் பண்பாடு' என்று எழுதியது 'பண்பாடு முழுவதும்' என்று படிக்கப்படும். 'தோடர் என்னும் மக்கள்' என்ற பொருள் வரும்படி வாக்கியத்தை மாற்றிப்போட்டார். வரிக்கு வரி வேலையில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. காட்சி முனைக்கு மிராதோர் என்ற அழகான சொல் தயாராகவே இருந்தது. டால்பின்ஸ் நோஸ், லாம்ப்ஸ் ராக் இரண்டுக்கும் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி தொல்லை. எழுத்தாளர் ஊரைப் பார்த்ததில்லை. முதல் பிரதியில் நீலக்குறிஞ்சி வருடா வருடம் பூப்பது போல ஒரு வரி இருந்தது. அது 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. யானைகளை ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அழகாக எழுதுபவர் கை எப்போதும் ஒரு சாண் கூடவே போகும். ஆகவே ஸ்பானிஷ் தெரிந்த, ஊரும் தெரிந்த ஒருவர் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அந்த ஆளுக்கான கூலிதான் இந்த வழியின் மறைந்த செலவு. எழுதுபவரும் சொல் எண்ணிக்கைக்கு வேலை செய்ய மாட்டார், மொத்தமாகவோ மணிக்கணக்கிலோ கேட்பார். வழி இரண்டைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஸ்பானிஷில் இவ்வளவு நன்றாக அழைத்தால், பதிலும் ஸ்பானிஷிலேயே வரும். மின்னஞ்சலுக்கு யார் பதில் போடுவது? வீட்டில் ஆள் இல்லை என்றால் 'எங்களோடு ஆங்கிலத்தில் பேசலாம்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுவது நாணயம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உள்ளூரில் வரிக்கு வரி | தாய்மொழிக்காரர் மொழிபெயர்ப்பு | புதிதாக எழுதுவது |
|---|---|---|---|
| வரத் தோன்றுமா | தோன்றாது, சில சமயம் சிரிப்பு வரும் | ஆங்கிலம் நன்றாக இருந்தால் | தோன்றும் |
| தகவல் | சொற்பிழை ஆபத்து | நன்றாக இருக்கும். பருவம், உயரம் நாம் பார்க்க வேண்டும் | ஊர் விவரம் தப்பலாம் |
| மறைந்த செலவு | மறு அச்சு | வடிவமைப்பு மாற்றம் | சரிபார்ப்பவர் கூலி |
| எதற்கு ஏற்றது | அறைத் தாள், அறிவிப்பு | வழி, தூரம், கட்டண விவரம் | முகப்பு, ஊர் வர்ணனை |

அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தீர்களானால், ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது தெரியும். குன்னூர் அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: முகப்பும் உள்பக்கம் இரண்டும், சுமார் 150 சொல், வழி மூன்றில். மீதி மூன்று பக்கத் தகவல் வழி இரண்டில். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் நடை ஒட்டும். ரயில் நேரம், கட்டணம், இ-பாஸ் விதிமுறை எதையும் புரோஷரில் அச்சடிக்காமல் தனித் தாளாக வைக்கச் சொன்னேன். இ-பாஸ் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, அதன் விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அந்தத் தனித் தாளை வழி ஒன்றிலேயே வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துக்கொள்ளலாம்.

ரிசார்ட் மேலாளர் மட்டும் முழுவதும் புதிதாக எழுதவைக்கலாம். அவருக்கு மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் பயண முகவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேசையில் மற்ற ஊர்களின் புரோஷரோடு போட்டி போட வேண்டும். அவரிடம் ஒன்றே ஒன்று கூடுதலாகச் சொன்னேன்: ஆகஸ்டை விட்டுவிட்டு, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தைக் குறிவையுங்கள். ஸ்பெயினில் அப்போதும் விடுமுறை, இங்கே மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் வானம் தெளிவாக இருக்கும்.

எந்த வழியானாலும் ஒரு படியைத் தவிர்க்கக் கூடாது. அச்சுக்குப் போகும் கடைசி பி.டி.எஃப்.-ஐ எழுதியவருக்கே அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வேர்டு கோப்பு சரியாக இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது. நம் ஊர் டி.டி.பி. கடைகளில் இருக்கும் சில எழுத்துருக்களில் தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிஷ் 'ன்ய' எழுத்து கிடையாது. கோடு விழாமல் வெறும் 'ன' வந்து உட்காரும். 'ஆன்யோ' என்றால் வருடம். கோடு போனால் 'ஆனோ', அதாவது ஆசனவாய். 'வருடம் முழுவதும் திறந்திருக்கும்' என்று எல்லா விடுதி புரோஷரிலும் ஒரு வரி இருக்குமே, அதில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆயிரம் பிரதி வேண்டாம் தம்பி, முதல்ல இருநூறு அடிப்போம்" என்றார்.